கங்காணியிடம் கேட்பதும் ஆத்தாளிடம் கேட்பதும்

ராசிங்காபுரத்தில் இருக்கும் என் அத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்புவார். ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய் பிடிக்கும். அதனால் காய் எடுக்கும் பெண் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் இருக்க வேண்டும். அத்தையின் முழங்கால் அங்கே தேய்ந்தது. அந்தக் காலோடுதான் அவர் சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுத்தார்.

சமூகவியல் மாணவிகள் சிலர் ஒருமுறை என்னிடம் வந்தார்கள். மதம் பற்றிய மூன்று விமர்சனங்கள் பாடத்தில் இருக்கின்றன, மனப்பாடம் ஆகிறது, ஆனால் பிடிபடவில்லை என்றார்கள். நான் தமிழ் படித்தவள். எனக்குத் தெரிந்த வழி, அத்தையின் சட்டியை நடுவில் வைத்து மூவரையும் கூப்பிட்டுப் பேசவைப்பதுதான்.

முதலில் ஃபாயர்பாக். 1841இல் வந்த ‘கிறிஸ்தவத்தின் சாரம்’ நூலில் அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: மனிதர்கள் தங்களிடமுள்ள அன்பு, நீதி, ஆற்றல் ஆகியவற்றைத் தங்களிடமிருந்து பிரித்து வெளியே நிறுத்துகிறார்கள், அதற்குக் கடவுள் என்று பெயர் வைக்கிறார்கள், பிறகு அதன் முன்னாலேயே மண்டியிடுகிறார்கள். கடவுள் எவ்வளவு செழிப்பாகிறதோ அவ்வளவுக்கு மனிதர் வறியவராகிறார். திரையில் விழும் நிழலைத் தன்னுடையது என்று அறியாமல் கும்பிடுவது போன்றது இது. அதனால் இதைப் புறவீச்சு என்கிறோம்.

அத்தைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மாரியம்மன் கோபப்படுவாள், கையில் ஆயுதம் வைத்திருப்பாள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு வீட்டில் மறுக்கப்பட்டவை எல்லாம் அம்மனிடம் இருக்கின்றன. அருள் வந்து அத்தை ஆடும்போது, மற்ற நாட்களில் அதட்டும் மாமா கைகட்டி நின்று “சொல்லு தாயி” என்பார். மறுநாள் காலை அதே மாமா காபி ஆறிப்போயிற்று என்று டம்ளரைத் தள்ளுவார். நேற்றைய பலம் அம்மனுடையது என்று இருவருமே நம்பியதால் அது அத்தையின் கணக்கில் வரவாகவில்லை.

இதில் இரண்டு குறைகளை மாணவிகள் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரு நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்று காட்டுவது, அது பொய் என்று நிறுவியதாகாது. தாகம் எடுப்பதால் தண்ணீர் கற்பனை ஆகிவிடுமா? இரண்டாவது, ஃபாயர்பாக் ‘மனிதன்’ என்று ஒருமையில் பேசுகிறார். எங்கள் ஊரில் புறவீச்சும் ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று. அத்தை தனக்குக் கிடைக்காத கோபத்தை அம்மனிடம் வைத்தார். மாமா, எத்தனை அடித்தாலும் மன்னிக்கும் தாயை அதே அம்மனிடம் வைத்தார்.

அடுத்தவர் துர்கைம். 1912இல் வந்த அவருடைய நூல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் குலக்குறி வழிபாட்டை ஆராய்கிறது. கடவுள் இருக்கிறாரா என்பது அவருடைய கேள்வியில்லை. கூடிக் கும்பிடுவது கூட்டத்துக்கு என்ன செய்கிறது என்றே கேட்டார். புனிதம் பொருளில் இல்லை, கூட்டம் அதை ஏற்றுகிறது என்பது அவர் விடை. வீரபாண்டித் திருவிழாவில் முக்கொம்பாகக் கிளைத்த அத்திக் கம்பத்தை நட்டு, சனங்கள் ஆற்றுத் தண்ணீரை மொண்டுவந்து ஊற்றுகிறார்கள். அதே மரத்தின் இன்னொரு கிளை அடுப்பெரிக்கப் போகலாம். இந்தக் கிளையைத் தெய்வமாக்கியது ஊர் கூடியதுதான். கொட்டுச் சத்தத்தில், நெரிசலில், தன்னைவிடப் பெரிய ஒன்று தன்னைத் தூக்குவதாக அத்தை உணர்ந்தது பொய்யில்லை. அவரைத் தூக்கியது ஊர். ஊரைத்தான் அவர் அம்மன் என்கிறார். சமூகத்தை ஒட்டும் பசையாக மதம் வேலை செய்வது இப்படித்தான்.

ஆனால் பசை யாரை ஒட்டுகிறது என்று பார்க்கச் சாமி கும்பிடுவதற்கு முன் நடக்கும் வரிவசூலைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் வரி போடுவார்கள். தலைக்கட்டு என்றால் மணமான ஆண். கணவனை இழந்தவள் வீட்டுக்குப் பல ஊர்களில் பாதி வரி. சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் அவள் ஊரில் பாதி ஆள் என்று எழுதிவைத்த கணக்கு அது. யாரிடம் வரியே கேட்பதில்லையோ அவர்கள் ஊருக்கு வெளியே. உத்தப்புரம் இங்கிருந்து தொலைவில்லை. அங்கே 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடித்தார்கள். அங்கே கோயிலும் அரசமரமும் சனங்களை ஒட்டவில்லை. வழிபாட்டு உரிமையே தகராறாக இருந்தது. துர்கைம் எழுதிய பழங்குடிகளிடமும் புனிதப் பொருளைப் பெண்கள் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது. அதை அவர் குறித்துவைத்தார். அப்படியானால் அது யாருடைய கூட்டம் என்று நின்று கேட்கவில்லை.

மூன்றாவது, வரிசையில் துர்கைமுக்கு முந்திய மார்க்ஸ். 1844இல் அவர் மதத்தை அபினி என்றது எல்லோருக்கும் தெரியும். அபினி அன்று மருந்துக்கடையில் கிடைத்த வலிநிவாரணி என்பது பலருக்குத் தெரியாது. அதே பத்தியில் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும் அவர் சொல்கிறார். வலி உண்மை, மருந்து வலியை மறக்கடிக்கிறது, காரணம் அப்படியே இருக்கிறது, இதுதான் வாதம். இந்த மறதியால் லாபம் அடைபவர் யார் என்று கேட்கும்போது மதம் வர்க்கக் கருத்தியலாகத் தெரியும். கூலி குறைவு விதியாகிறது, ஜீப் கவிழ்ந்தது சாமிகுத்தமாகிறது, தோட்ட முதலாளியின் பெயர் எங்கும் வருவதில்லை. மறுவருடம் ஃபாயர்பாக் பற்றி எழுதிய குறிப்புகளில் மார்க்ஸ் இன்னொன்றும் சொன்னார்: புறவீச்சு என்று சொல்வதோடு நிறுத்தாதே, பூமியில் என்ன பிளவு இருப்பதால் மனிதர் வானத்தைப் பார்க்கிறார் என்று தேடு, தெய்வக் குடும்பத்தின் ரகசியம் மண்ணிலுள்ள குடும்பம்.

இவ்வளவையும் தயார் செய்துகொண்டு அத்தையிடம் போனேன். “கூலி கூடணும்னு எத்தனை வருஷம் சட்டி எடுத்தீங்க அத்தை?” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“ஏ புள்ள, கூலியப் போயி ஆத்தாகிட்டயா கேப்பாங்க? அதக் கங்காணிகிட்ட கேக்கணும். ஒன் மாமன் குடிக்காம இருக்கணும்னு எடுத்தேன். அத வேற யாருகிட்டக் கேக்க?”

மார்க்ஸை வைத்து நான் போட்ட கணக்கு அங்கே உடைந்தது. எது மனிதரிடம் கேட்பது, எது தெய்வத்திடம் கேட்பது என்று அத்தை தெளிவாகப் பிரித்துவைத்திருந்தார். கூலிக்குக் கேட்க ஓர் ஆள் இருக்கிறான். கொடுக்கிறானோ இல்லையோ, சண்டை போட ஒரு முகம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்து 20 சதவீதப் போனஸ் கேட்டபோது, ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்று மலையாளத்தில் பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கூட்டத்தில் துர்கைம் சொன்ன கொதிப்பு இருந்தது, அம்மன் தேவைப்படவில்லை.

ஆனால் அந்தப் பெண்களும் ராத்திரி ஒரு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வீட்டுக்குள் சங்கம் இல்லை, கங்காணி இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. அங்கே நடப்பதைக் கேட்க ஊர்க்கூட்டத்தில் அத்தைக்கு நாற்காலியும் இல்லை. மார்க்ஸ் தோட்டத்தைப் பார்த்தார். மண்ணிலுள்ள குடும்பம் என்று ஒரு வரி எழுதியும் அதற்குள் போய் அதிக நேரம் உட்காரவில்லை.

மாணவிகளுக்கு நான் சொன்னது இதுதான். ஒரு பெண்ணின் நேர்த்திக்கடனைக் கண்டால் அது புறவீச்சா, பசையா, கருத்தியலா என்று பெயர் ஒட்டுவதோடு போய்விடாதீர்கள். அவள் என்ன கேட்கிறாள் என்பதோடு, எதைத் தெய்வத்திடம் கேட்கவில்லை என்றும் விசாரியுங்கள். கேட்பதற்கு மனிதரே இல்லாத இடம் எது என்று அதில் தெரிந்துவிடும்.

மாமா குடியை விடவில்லை. ஈரல் கெட்டுத்தான் போனார். இப்போது அத்தையின் வீட்டுக்குப் பாதி வரி.