உன் சேமிப்புக் கணக்கை நீயே உடைத்துப் பார்!

பிளானோவில் வேலை தேடிக்கொண்டிருக்கும் தர இன்ஜினியரே, அந்த வேலை அறிவிப்பை இன்னொரு முறை படி. "கிரீன் பெல்ட் கட்டாயம். பிளாக் பெல்ட் இருந்தால் நல்லது. ஆவணத்தோடு கூடிய சேமிப்பு வேண்டும்." டென்டன் முதல் ஷெர்மன் வரை தொழிற்சாலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் சாதாரணம். நீயோ "எனக்கு பிளாக் பெல்ட் இல்லையே" என்று லேப்டாப்பை மூடுகிறாய். ஏன்? கட்டாயம் என்றது கிரீன் பெல்ட்டைத்தானே!

பெல்ட்டின் நிறத்தைக் கண்டு மிரளாதே, கொடுத்தது யார் என்று கேள். லீன் சிக்ஸ் சிக்மாவுக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே அமைப்பு கிடையாது. ஏ.எஸ்.கியூ. பிளாக் பெல்ட்டுக்குத் தேர்வு மட்டும் போதாது. முடித்த இரண்டு ப்ராஜெக்ட்களுக்குக் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். அல்லது ஒரு ப்ராஜெக்ட்டும் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். ஐ.ஏ.எஸ்.எஸ்.சி.யோ ப்ராஜெக்ட்டே கேட்பதில்லை, தேர்வில் தேறினால் போதும். விவரம் தெரிந்த மேலாளர் ரெசூமேயில் நிறத்தைத் தாண்டி அடுத்த வரிக்குத்தான் போவார்.

அந்த அடுத்த வரி, ஊரில் நீ பார்த்த வேலையிலேயே உன்னிடம் இருக்கிறது. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு வாங்கியது. அத்தகைய டி.க்யூ.எம். மரபில் வளர்ந்த தளத்தில் நீ செய்த வேலைக்கு யாரும் பெல்ட் கட்டிவிடவில்லை. ஆனாலும் பிரச்சினையை வரையறுத்தாய், அளந்தாய், காரணத்தைப் பிடித்தாய், சரிசெய்தாய், மறுபடி வராமல் காவல் வைத்தாய். அதே வரிசையில் எழுது. வாங்காத பெல்ட்டை மட்டும் எழுதிவிடாதே, ஒரு கேள்வியில் அம்பலமாகும்.

இப்போது பணத்துக்கு வா. இங்கேதான் நல்ல இன்ஜினியர்களும் வழுக்குகிறார்கள்!

ஓர் அலுமினிய வார்ப்பு லைனை எடுத்துக்கொள். ஆண்டுக்கு 6,00,000 பாகங்கள். வார்ப்புக்குள் இருக்கும் காற்றுக்குமிழ் மெஷினிங்கில்தான் வெளியே தெரிகிறது, அதனால் 4 சதவீதம் ஸ்கிராப். நீ அச்சில் வேக்குவம் வால்வு வைத்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, அதை 1.5 சதவீதமாக்கினாய். மிச்சம் 15,000 பாகங்கள். பாகத்தின் விற்பனை விலை 34 டாலர். உடனே பெருக்கி "5,10,000 டாலர் சேமித்தேன்" என்று போட்டுவிடுகிறாய்.

நிறுத்து! வாடிக்கையாளர் கேட்ட அளவு முன்பும் போய்க்கொண்டுதானே இருந்தது? அப்படியானால் விற்பனை கூடவில்லை, செலவுதான் குறைந்தது. மெஷினிங் வரை ஒரு பாகத்துக்கு ஆன செலவு 12 டாலர். கழித்த பாகத்தை உருக்கினால் 2 டாலர் உலோகம் திரும்பி வரும். எனவே பாகத்துக்கு 10 டாலர், ஆண்டுக்கு 1,50,000. வால்வுக்கும் கருவிக்கும் ஆன 30,000-ஐக் கழித்தால் முதல் ஆண்டின் நிகரம் 1,20,000. லைன் முழுத் திறனில் ஓடி, ஆர்டர்கள் காத்திருந்திருந்தால் மட்டுமே விற்பனை லாபத்தைச் சேர்க்கலாம்; அப்போதும் அதற்கு ஆதாரம் வேண்டும்.

தொகை கால்வாசிக்கும் கீழே வந்துவிட்டதே என்று கலங்குகிறாயா? கலங்காதே! 5,10,000 என்றவர் ஃபைனான்ஸ் ஆள் கேட்கும் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார். 1,20,000 என்ற நீ நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவாய்.

இன்னும் இரண்டு இடத்தில் உன்னை நீயே குடை. 4 சதவீதம் எந்தக் காலத்து அளவு? மோசமான இரண்டு வாரத்தை மட்டும் எடுத்திருந்தால், நீ கை வைக்காமலேயே அது பாதி இறங்கியிருக்கலாம். குறைந்தது சில மாதங்களின் தரவை எடு. அடுத்து, ஆய்வாளரின் நேரம் மிச்சமானதை டாலராக்கியிருக்கிறாயா? ஓவர்டைம் குறையவில்லை, ஆள் வேறு வேலைக்கு மாறவில்லை என்றால் அது மென் சேமிப்பு. தனியாகக் காட்டு, கூட்டித் தொலைக்காதே.

பழைய நிறுவனத்தின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போகாதே, அது அவர்கள் சொத்து. யார் கணக்கைச் சரிபார்த்தார்கள், எத்தனை மாதம் கட்டுப்பாட்டு வரைபடம் எல்லைக்குள் நின்றது, உன் பங்கு எது, குழுவின் பங்கு எது என்பவை உன் நாக்கில் இருக்கட்டும்.

பிறகு "தர மேம்பாட்டில் பங்கேற்றேன்" என்ற அந்தப் பூனை நடை வரியை அழி. எழுது: "நால்வர் குழுவை நடத்தி, வார்ப்பு ஸ்கிராப்பை 4-இலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்தேன். முதல் ஆண்டு நிகர சேமிப்பு 1,20,000 டாலர், ஃபைனான்ஸ் சரிபார்த்தது. அதன் பிறகும் எட்டு மாதம் நிலைத்தது." எண்கள் உன்னுடையவையாக இருக்கட்டும். பிளாக் பெல்ட் கட்டத்தைக் காலியாக விட்டு, இன்றைக்கே அனுப்பு!