மாதம் 12 டாலர் என்று எழுதலாமா?

கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனம், நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மருந்துக்கடை நடத்துபவருக்கு முன்பின் அறிமுகம் இல்லாமல் மின்னஞ்சல் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சரக்கு இருப்பையும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் அது. "பயனருக்கு மாதம் 12 டாலர்தான்" என்கிறது கடிதம். கடையில் ஐந்து பேர் பில் போடுகிறார்கள். 12 டாலர் என்பதோ ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுபவர்களுக்கான விலை. ஆகவே முதல் நாளே அவருடைய கார்டிலிருந்து போவது 720 டாலர்.

கடிதத்தில் பொய்யான எண் எதுவும் இல்லை. எழுதியவருக்குத் தெரிந்த 720-ஐப் படிப்பவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நேர்மையா என்பதுதான் கேள்வி.

விற்பவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் கடிதம் நான்கு வரியைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை. போட்டியாளர்கள் எல்லோரும் மாத விலையைத்தான் போடுகிறார்கள். ஆண்டுத் தொகையைப் போடும் ஒருவர் மட்டும் விலை கூடியவராகத் தெரிவார். முழு விலையும் இணையதளத்தில் இருக்கிறதே, வாங்குபவர் பார்க்கக் கூடாதா என்றும் கேட்பார்கள். உள்ளூர் வாடிக்கையாளர் என்றால் இதை ஓரளவு ஏற்கலாம். அவர் போன் போட்டுக் கேட்பார், நேரில் வந்து சண்டையும் போடுவார். லாகோஸ்காரருக்கு அந்த வழி கிடையாது. திருப்பித் தரச் சொல்லிக் கேட்பதற்கும் அவர் ஒரு கடிதத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

ஒரே முறை விலை சொல்பவரும் இதில் தப்பிவிட முடியாது. அதே மென்பொருளை இன்னொருவர் 1,200 டாலருக்கு, "ஒருமுறை கட்டினால் போதும்" என்று விற்கிறார் என்போம். இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு விலையில் 20 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 240 டாலர். மென்பொருள் கடையின் கணினியிலேயே ஓடுவதால் பேக்கப் எடுக்க, பழுது பார்க்க ஆள் வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 300 டாலர் ஆகிறது என்று கொள்வோம். மூன்றாண்டுச் செலவு 2,580 டாலர். சந்தாவில் அது 2,160. ஐந்தாண்டுக்குப் பார்த்தால் 3,660-க்கு 3,600, ஏறக்குறைய சமம். பராமரிப்பையும் ஆள்கூலியையும் மறைத்துவிட்டு "சந்தாக்காரன் காலம் பூராவும் உறிஞ்சுவான்" என்று எழுதுவதும், 720-ஐ 12-க்குள் ஒளித்துவைப்பதும் ஒரே தவறுதான். கடையில் ஆள் எண்ணிக்கை எட்டானால் கணக்கு மறுபடி மாறும்: சந்தா ஆண்டுக்கு 1,152 டாலராகிவிடும்.

இது சிறு நிறுவனங்களின் பிரச்சினை மட்டுமல்ல. அடோபி நிறுவனம் 2013-இல் தன் வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்புகளை ஒரே முறை விலைக்கு விற்பதைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. 2024 ஜூனில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் அதன்மீது வழக்குத் தொடரப்பட்டது. மாதாமாதம் கட்டும் ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் நிறுத்தினால் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. எவ்வளவு என்பதைப் போலவே, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் விலையின் ஒரு பகுதி.

வெளிநாட்டவருக்கு இன்னொரு சுமை உண்டு. 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலர் சுமார் 460 நைராவாக இருந்தது. 2024 பிப்ரவரியில் 1,500-ஐத் தாண்டியது. டாலரில் சந்தா ஒரு காசு ஏறாமலே கடைக்காரரின் செலவு மும்மடங்குக்கு மேல் போயிற்று. ஒரே முறை கட்டியவர்களை இந்தச் சரிவு அவ்வளவாகத் தொட்டிருக்காது. நாணய மதிப்பை விற்பவர் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கு அவரைப் பொறுப்பாக்குவதும் நியாயமில்லை. ஆனால் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் டாலரில்தான் எடுக்கப்படும், அந்த ஏற்ற இறக்கம் வாங்குபவர் தலையில்தான் விழும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது.

இதற்குக் கடிதம் நீள வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்: "ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 720 டாலர், தொடக்கத்திலேயே மொத்தமாக எடுக்கப்படும். மாதாமாதம் கட்டினால் ஆண்டுக்கு 900. உங்கள் வங்கியின் மாற்றுக் கட்டணம் இதில் சேராது. அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்படும். 30 நாள் முன்பே நினைவூட்டுவோம். நிறுத்தினால் உங்கள் சரக்குக் கணக்கை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம்."

இதைப் படித்துச் சிலர் பதில் போடாமல் விடுவார்கள். 720 டாலரை மொத்தமாகக் கட்ட முடியாதவர்களே அவர்களில் பலர். இப்படி எழுதாமல் போயிருந்தால், அந்த மறுப்பு பணம் எடுக்கப்பட்ட மறுநாள் வங்கிக்குப் புகாராகப் போயிருக்கும்.