நாளை சந்திப்பு, இன்று ஒரு வரி

பெரியவர் ஒருவரை நாளைக்குக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். அவர் ஒப்புக்கொண்டு இரண்டு வாரமாகிறது. இன்று நினைவூட்டலாமா, கூடாதா? நினைவூட்டினால் ‘நான் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறார்களா’ என்று அவர் நினைப்பாரோ என்ற கூச்சம். விட்டுவிட்டால் நாளைக் காலை பத்து பேர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போமோ என்ற பயம். பெரும்பாலும் கூச்சம் ஜெயித்துவிடுகிறது. நினைவூட்டாமல் இருப்பதுதான் மரியாதை என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொள்கிறோம். அதை நான் ஏற்பதில்லை. ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை காலையைக் கேட்டு வாங்கியவர்கள், அது வீணாகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது பற்றிப் பேச, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவருக்கு அனுப்பவேண்டிய செய்தியைச் சங்கத்தில் பொறுப்பிலிருக்கும் இளைஞர் எழுதிக் காட்டினார்: “சார், நாளைக்கு மீட்டிங் இருக்கு. மறந்துடாதீங்க. கண்டிப்பா வந்துடுங்க. வர்றீங்களான்னு கன்ஃபர்ம் பண்ணுங்க.”

இளைஞர் மனதில் மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால் நான்கு வரியும் பெறுபவரையே துரத்துகின்றன. முதல் வரி, அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. இரண்டாவது அவர் நினைவைச் சந்தேகிக்கிறது. மூன்றாவது அவர் ஏற்கெனவே கொடுத்த வார்த்தையைச் சந்தேகிக்கிறது. நான்காவது அவருக்கு ஒரு வேலை வைக்கிறது. எங்கே, எத்தனை மணிக்கு என்ற இரண்டும் அதில் இல்லை. அவற்றுக்காக அவர் பழைய செய்திகளைப் புரட்டித் தேடவேண்டும்.

பேசிப் பேசி அதை இப்படி மாற்றினோம்: “வணக்கம் சார். நாளை ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, எங்கள் பி பிளாக் தரைத்தள ஹாலில் சந்திக்கிறோம். நீங்கள் கேட்ட பழைய குழாய் வரைபடம் கிடைத்துவிட்டது, பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். வாட்ச்மேனிடம் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், கார் உள்ளேயே நிறுத்தலாம். நேரத்தை மாற்றவேண்டுமென்றால் இன்று மாலைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்றவர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.”

இதில் அவர் செய்யவேண்டியது எதுவும் இல்லை. நாங்கள் செய்து முடித்ததுதான் இருக்கிறது. வரைபடம் பற்றிய வரி இல்லாவிட்டால் இது வெறும் நினைவூட்டல். அது இருப்பதால் அவருக்குப் பயன்படும் ஒரு செய்தி. நாளும் நேரமும் அதோடு சேர்ந்து போய்விடுகின்றன. சொல்ல உண்மையாகவே புதிதாக ஒன்றும் இல்லையென்றால் ஜோடிக்கவேண்டாம். நாள், நேரம், இடம், ஒரு நன்றி போதும்.

கடைசி வரிதான் எனக்கு முக்கியம். வரமுடியாதவருக்கு அது கதவைத் திறந்து வைக்கிறது. பலர் வராமல் போவது மறதியால் அல்ல, ‘முடியாது’ என்று சொல்லக் கூசி நாளைக் கடத்துவதால். வாசகம் மாறினால் வருகையும் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. லண்டனில் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுமத்தின் நினைவூட்டல் குறுஞ்செய்திகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2015இல் வெளியானது. வழக்கமான வாசகம் போனபோது நூற்றுக்குச் சுமார் 11 பேர் வரவில்லை. ‘நீங்கள் வராவிட்டால் மருத்துவத் துறைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவு’ என்று சேர்த்தபோது அது எட்டுச் சொச்சமாகக் குறைந்தது. செய்தி ஒன்றுதான், வாசகம்தான் வேறு. ஆனால் ஒரு பெரிய மருத்துவமனை முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லும் கணக்கை, நான் அழைத்த விருந்தாளியிடம் சொல்ல மாட்டேன். ‘உங்களுக்காகப் பத்து பேர் காத்திருப்பார்கள்’ என்பது அதே கணக்குதான். அது ஆளை வரவழைக்கலாம், மனக்கசப்போடு வருவார்.

அனுப்பும் நேரமும் பேசும். முந்தின நாள் முற்பகலில் போனால் அது தகவல். இரவு பத்து மணிக்குப் போனால் பதற்றம். மாற்றிக்கொள்ள அவருக்கும் அவகாசம் இல்லை. அதோடு முப்பது பக்க அறிக்கையை இணைத்து ‘படித்துவிட்டு வாருங்கள்’ என்பது நினைவூட்டலே அல்ல, புது வேலை. குழுவில் பெயர் சொல்லிக் கேட்பதும் வேண்டாம். தனியாகச் சொன்னால் அக்கறை, நாலு பேர் முன்னால் சொன்னால் விசாரணை.

பிறகு வருகிறது கடினமான பகுதி. நீல நிற டிக் வந்துவிட்டது, பதில் இல்லை. உடனே இரண்டாவது செய்தி அனுப்பக் கை பரபரக்கும். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டோம். அப்படியென்றால் மௌனத்துக்கு ‘வருகிறேன்’ என்றுதான் பொருள். நாமே கொடுத்த பொருளை நாமே சந்தேகிக்கக்கூடாது. அவர் இல்லாமல் கூட்டமே இல்லை என்றால் மட்டும், மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் ஒரு போன் செய்யலாம், “வழி சொல்லட்டுமா சார்?” என்று ஆரம்பிக்கலாம்.

அந்தப் பொறியாளர் மாலை நாலரைக்குப் பதில் போட்டார்: “பதினொன்றாக வைத்துக்கொள்ளலாமா? பேத்தியை வகுப்பில் விடவேண்டும்.” அந்த அரைமணி நேரம் அவருக்கு முதலிலிருந்தே தேவைப்பட்டிருக்கிறது. கேட்க ஓர் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இளைஞர் எல்லாருக்கும் பதினொன்று என்று சொல்லிவிட்டார்.