எட்டு வட்டியும் அறுபத்தெட்டு பைசாவும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வட்டி என்ற சொல்லுக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. வங்கியிலும் தபால் நிலையத்திலும் எட்டு என்றால், நூறு ரூபாய்க்கு வருஷத்துக்கு எட்டு ரூபாய். தெருவில் அப்படி இல்லை. "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் இரண்டு ரூபாய், அதாவது வருஷத்துக்கு இருபத்துநாலு. சீட்டு, கைமாற்று, அடகு எல்லாமே இந்த மாசக் கணக்கில்தான் நடக்கும். என் அப்பாவும் அம்மாவும் வாழ்நாள் முழுக்கப் புழங்கியது இந்த இரண்டாவது கணக்கில்.

அப்பா சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து பத்து லட்ச ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. அவருக்கு 64 வயது, அம்மாவுக்கு 61. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. 2004-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. அறுபது வயதானவர்கள் தபால் நிலையத்திலோ வங்கியிலோ ஐந்து வருஷத்துக்குப் பணம் போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். நாங்கள் பேசியபோது வட்டி 8.2 சதவீதம்.

"எட்டா?" என்றார் அம்மா, கண்கள் விரிய. "எட்டு வட்டியா குடுக்கறான் கவர்மெண்டு?"

அறக்கேள்வி அந்த இடத்தில்தான் எழுந்தது. நான் சொன்ன எண் சரி, அம்மா கேட்டுக்கொண்டது வேறு. மென்பொருளில் அலகு இல்லாத எண்ணை நாங்கள் நம்புவதில்லை. மீட்டரா அடியா என்று தெரியாத எண் எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும். அம்மாவின் வியப்பை அப்படியே விட்டிருந்தால் மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்டது வேறொரு திட்டத்துக்காக இருந்திருக்கும்.

எனவே அவர்கள் கணக்கிலேயே சொன்னேன். 8.2-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் நூறு ரூபாய்க்கு மாசம் அறுபத்தெட்டு பைசா. பத்து லட்சத்துக்கு மாசம் 6,833 ரூபாய், மூன்று மாதத்துக்கு 20,500. தெருவில் ரெண்டு வட்டிக்கு விட்டால் அதே பத்து லட்சம் மாசம் இருபதாயிரம் தரும்.

"மூணுல ஒரு பங்குதானேப்பா வருது" என்றார் அப்பா.

எளிமையாகப் பேசுவது என்றால் இனிப்பாகப் பேசுவது என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் எளிய பேச்சு பல சமயம் நம் வாதத்தைப் பலவீனமாக்கும். சதவீதத்தில் கம்பீரமாக நின்ற எண் பைசாவில் சிறுத்துப் போகிறது. அப்படிச் சிறுத்துப் போன பிறகும் அதைச் சொல்லத் தயாரா என்பதுதான் விளக்குகிறவருக்கான சோதனை.

அடுத்த கேள்வியை அப்பாவிடமே கேட்டேன். "ரெண்டு வட்டிக்கு வாங்கறவரு அதை எங்கிருந்து கட்டுவாருப்பா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிப்காட்டில் தனக்குத் தெரிந்த சின்னப் பட்டறைகளை ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னார். ஜாப் வொர்க் முடித்துக் கொடுத்தால் பெரிய கம்பெனியிலிருந்து பணம் வர மூன்று மாசம் ஆகும். கூலி, கரண்ட் பில், டூல் செலவு போக இருபத்துநாலு சதவீதம் வட்டி கட்ட மிச்சம் நிற்காது. "அப்ப இன்னொருத்தன்கிட்ட வாங்கித்தான் நமக்குக் கட்டுவான்" என்றார். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்ததை அவரே நினைவுபடுத்தினார். ரிஸ்க் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. அவருக்குத் தெரிந்த பட்டறைக் கணக்கில் அது ஏற்கெனவே இருந்தது.

ஒரே நாளில் முடித்துவிடவில்லை. ஒரு மாலைக்கு ஒரு விஷயம். வட்டி எந்த நாளில் வரும் என்பதற்கு ஒரு மாலை: ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகள். அம்மா அதைப் பங்குனி, ஆனி, புரட்டாசி, மார்கழி என்று மாற்றிக்கொண்டார். போட்ட நாளில் இருக்கும் வட்டியே ஐந்து வருஷமும் தொடரும், இடையில் அரசு குறைத்தாலும் கூட்டினாலும் நமக்கு மாறாது என்பதற்கு ஒரு மாலை.

கெட்ட செய்திகளுக்கு இரண்டு மாலைகள் எடுத்துக்கொண்டோம். ஒரு வருஷத்துக்குள் பணத்தை எடுத்தால் வட்டியே கிடையாது, கொடுத்த வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடித்தம், பத்து லட்சத்துக்குப் பதினைந்தாயிரம். அதற்குப் பிறகு ஒரு சதவீதம், பத்தாயிரம். நகையைப் போல அடகு வைக்க முடியாது. வட்டி வருமானத்தில் சேரும், ஆனால் இவர்களுடைய மொத்த வருமானம் வரி வரம்புக்குள்தான் இருக்கிறது. வட்டிக்கு வட்டி கிடையாது. ஐந்து வருஷம் கழித்துக் கைக்கு வருவதும் அதே பத்து லட்சம்தான். அன்றைக்கு அந்தப் பணத்துக்குச் சூளகிரியில் எத்தனை சென்ட் நிலம் கிடைக்கும் என்று அப்பா கேட்டார். இன்றைக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்றேன்.

புரிந்ததா என்று கேட்டால் பெற்றோர்கள் தலையாட்டுவார்கள். பிள்ளை மனசு நோகக் கூடாது என்பதும் அந்தத் தலையாட்டலில் உண்டு. அம்மா பாகலூரில் இருக்கும் சித்தியிடம் போனில் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. "அஞ்சு வருஷம் தொடவே முடியாதாம்டி, ஆஸ்பத்திரிக்குக்கூட எடுக்க முடியாதாம்" என்றார். எடுக்கலாம், பிடித்தம் போகும் என்று மறுநாள் திரும்பவும் சொன்னேன். கேட்டவர் மூன்றாமவருக்குச் சொல்லும்போது என்ன மிஞ்சுகிறதோ அதுதான் நாம் விளக்கியது.

அந்த ஆஸ்பத்திரிக் கவலையிலிருந்துதான் ஒரு நல்ல வழியும் கிடைத்தது. மொத்தத்தையும் ஒரே கணக்கில் போட்டால் ஐம்பதாயிரம் தேவைப்பட்டாலும் முழுக் கணக்கையும் முடிக்க வேண்டும். அதையே இரண்டு மூன்று கணக்குகளாகப் பிரித்துப் போட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். "அவரு போயிட்டா எனக்கு என்னாகும்?" என்றும் அம்மா கேட்டார். கணவன் மனைவி சேர்ந்து கூட்டுக் கணக்காகத் தொடங்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் தகுதி உள்ளவராக இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், முடித்துக்கொண்டாலும் பிடித்தம் இல்லை என்றேன். அவர் அந்தக் கேள்வியை அப்பாவின் முன்னாலேயே கேட்டார். அவசரமில்லாத பேச்சில்தான் அப்படிக் கேட்க முடியும்.

இவ்வளவு நல்ல திட்டத்தை ஏன் யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை என்று அப்பா ஆச்சரியப்பட்டார். பதில் எளிது. 2011 டிசம்பரிலிருந்து இதற்கு முகவர் கமிஷன் கிடையாது. வீடு தேடி வரும் திட்டங்களில் பெரும்பாலும் கமிஷன் இருக்கிறது, கூடவே புரியாத சொற்களும் இருக்கின்றன. அந்தச் சொற்கள் கேட்பவரைக் கூச்சப்பட வைக்கின்றன. கூச்சப்பட்டவர் கேள்வி கேட்க மாட்டார், மறுக்கவும் மாட்டார்.

பிள்ளை சொன்னாலும் அது நடக்கலாம். எங்கள் படிப்பே பெற்றோருக்கு ஒருவகையில் புரியாத சொல்தான். "நீ படிச்சவன், பாத்துப் பண்ணு" என்று அவர்கள் சொல்லும்போது நம்பிக்கையைத் தருகிறார்கள், அதோடு முடிவெடுக்கும் உரிமையையும் கொடுத்துவிடுகிறார்கள். முதலாவதைப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நாற்பது வருஷம் லேத்தின் முன்னால் நின்று சம்பாதித்த பணத்துக்குக் காவலாளியாக என்னை யாரும் நியமிக்கவில்லை.

கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு நான் நினைத்தது அல்ல. மூன்று மூன்று லட்சமாக, வேறு வேறு மாதங்களில், இரண்டு கூட்டுக் கணக்குகள். மூன்று மாதத்துக்கு மொத்தம் 12,300 ரூபாய் வருகிறது. இரண்டு லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது. மீதி இரண்டு லட்சத்தில் அம்மா நகை வாங்கினார். "அவசரத்துக்கு ராத்திரி பத்து மணிக்கும் அடகு வெக்கலாம், உன் போஸ்ட் ஆபீஸு தொறந்திருக்குமா?" என்றார்.

திட்டம் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.