பிறை தெரிந்த இரவில் ஒரு வரி

ரமலான் பிறை தென்பட்டதாகத் தலைமை காஜியின் அறிவிப்பு வருவது பெரும்பாலும் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகுதான். அடுத்த சில மணி நேரம் முஸ்லிம் வீடுகளில் பரபரப்பு. அன்றிரவே தராவீஹ் தொழுகை தொடங்கிவிடும். விடியலுக்கு முன் சஹருக்கு எழ வேண்டும் என்பதால் அரிசி ஊறப்போடுவதும், குழம்பை முன்கூட்டியே கொதிக்க வைப்பதும், அலாரம் வைப்பதும் நடக்கும். இதற்கிடையில்தான் வாழ்த்துகள் வரத் தொடங்குகின்றன. உறவினர்களிடமிருந்தும், கூட வேலை பார்ப்பவர்களிடமிருந்தும், பள்ளிக்கூடத்துத் தோழிகளிடமிருந்தும் ஆளுக்கொரு வரி. அந்த வரி அன்பாக இருந்தால் போதுமா, அது எதைச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமா என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் துணிபு.

காரணம் நோன்பின் தன்மையிலேயே இருக்கிறது. தொழுகை கண்ணுக்குத் தெரியும், ஜகாத் கொடுத்தால் வாங்கியவருக்காவது தெரியும், ஹஜ்ஜுக்குப் போய்வந்தால் ஊருக்கே தெரியும். நோன்பு அப்படியில்லை. அது ஒன்றைச் செய்வதல்ல, செய்யாமல் இருப்பது. நிய்யத் மனத்துக்குள் வைக்கப்படுகிறது. பூட்டிய அறையில் ஒருவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாரா இல்லையா என்பது அவருக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. இஸ்லாமிய மரபு நோன்புக்குத் தனியிடம் கொடுப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இப்படி மறைவாக இருக்கும்படி அமைந்த ஒன்றைப் பற்றித்தான் நாம் நண்பருக்கு எழுதுகிறோம்.

நோன்பு எல்லார் மீதும் எல்லா நாளும் கடமையில்லை. நோயாளியும் பயணியும் விட்டுவிட்டு வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது. முதுமையாலோ தீராத நோயாலோ எப்போதுமே வைக்க முடியாதவர், விடுபட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். அதை ஃபித்யா என்பார்கள். கருவுற்றவரும் பாலூட்டுபவரும் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால் விடலாம். மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைக்கக் கூடாது. அந்த நாட்களைப் பின்னால் களாவாக வைத்துக்கொள்வார்கள். ரமலான் 29 அல்லது 30 நாள் கொண்ட மாதம். மாதவிடாய் ஒழுங்காக வரும் வயதில் இருக்கும் ஒரு பெண் அந்த மாதம் முழுவதையும் இடைவிடாமல் நோன்பாகக் கழிப்பது இயல்பாக நடப்பதல்ல. ஆனால் முப்பது நோன்பும் ஒன்றுகூட விடாமல் வைக்க வாழ்த்துகள் என்ற வரி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல அனுப்பப்படுகிறது.

ஒரு பள்ளி ஆசிரியையை எண்ணிப் பார்க்கலாம். நாற்பது வயதை நெருங்குகிறார். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போன ஆண்டு பிடிவாதமாக வைத்த நோன்பில் ஒரு நாள் பிற்பகல் வகுப்பிலேயே உடல் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. சோதித்துப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே. அந்த அளவுக்கு இறங்கினால் மஃரிப் வரை காத்திருக்காமல் உடனே நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. இந்த ஆண்டு ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்தார். வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் கணவருக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும். பிறை தெரிந்த இரவில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி விழுகிறது: “டீச்சர், போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் முப்பது நோன்பும் முடிச்சுக் காட்டணும்!” எழுதியவர் நல்லவர், ஆசிரியைக்கு நெருங்கிய தோழி. அவர் மனத்தில் பாராட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது ஆசிரியையின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. நன்றி என்று போட்டால் செய்யாத ஒன்றுக்குப் பாராட்டை வாங்கிக்கொண்டதாக அவர் மனமே குத்தும். உண்மையைச் சொன்னால் நாற்பது பேர் முன்னால் தன் நோயை விரித்து வைக்க வேண்டும். பேசாமல் இருந்தால் அடுத்த நாள் ஓய்வறையில், என்ன டீச்சர், பதிலே காணோம் என்று ஒருவர் கேட்பார். பிறகு பகலில் மாத்திரை போட்டுவிட்டு இரண்டு இட்லி சாப்பிடுவதற்கும் ஒளிவிடம் தேட வேண்டியிருக்கும். மாதவிடாய் நாட்களில் இளம்பெண்கள் பலர் வீட்டிலேயே இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். அண்ணன் தம்பிக்குத் தெரியக் கூடாதென்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவதும், அதற்கும் கூச்சப்பட்டுப் பட்டினியே கிடப்பதும் உண்டு. மார்க்கம் இவர்கள் மீது சுமத்தாத சுமையைச் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு சுமத்துகிறது. அன்பான ஒரு வாழ்த்து அந்த எதிர்பார்ப்போடு சேர்ந்துகொள்வது நல்லதல்ல.

மரபில் இந்த வாழ்த்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வழி தெளிவாகிறது. ரமலான் நெருங்கும்போது நபிகள் நாயகம் தம் தோழர்களுக்கு அம்மாதத்தைப் பற்றி நற்செய்தி சொன்னதாக ஒரு நபிமொழி உண்டு. அருள் நிறைந்த மாதம் வந்திருக்கிறது, அதில் சொர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்படுகின்றன, ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த ஓர் இரவு அதில் இருக்கிறது என்பது அதன் கருத்து. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த அறிஞர் இப்னு ரஜப், மாதங்களின் சிறப்பைச் சொல்லும் தம் நூலில், மக்கள் ஒருவரையொருவர் ரமலானுக்காக வாழ்த்திக்கொள்வதற்கு இந்த நபிமொழியே அடிப்படை என்று அறிஞர்கள் சிலர் கூறியதைக் குறிக்கிறார். அந்த நற்செய்தியில் நோன்பு கடமை என்ற நினைவூட்டலும் இருக்கிறது. ஆனால் அது எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது. யார் எத்தனை வைப்பார் என்ற எதிர்பார்ப்பு தனி ஒருவர் மீது வைக்கப்படவில்லை. பேச்சின் பெரும்பகுதி வரப்போகும் நாட்களைப் பற்றியது. நோயாளி, பயணி, மாதவிடாயில் இருப்பவர், படுக்கையில் கிடக்கும் முதியவர் எல்லாருக்குமே அந்த வாசல்கள் திறந்திருக்கின்றன.

ஆகவே நண்பருக்கு எழுதும் வரியும் நாட்களைப் பற்றி இருப்பதே முறை. ஆசிரியையின் தோழி இப்படி எழுதியிருக்கலாம்: “பிறை தெரிஞ்சிடுச்சாமே டீச்சர். வர்ற நாளெல்லாம் உங்களுக்கும் வீட்டுல எல்லாருக்கும் மனநிறைவா அமையட்டும்.” இதற்கு ஆசிரியை தயங்காமல் பதில் எழுதலாம். நோன்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த மாதம் அவருடையதுதான். குர்ஆன் ஓதுவார், அண்டை வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார், நோன்பு வைத்திருக்கும் மகனை சஹருக்கு எழுப்புவார். வாழ்த்து இவை எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முஸ்லிம் நண்பர்கள் தமக்குள், நன்மையின் பக்கம் ஒருவரையொருவர் தூண்டுவது எங்கள் கடமையல்லவா, எல்லா நோன்பையும் வை என்று சொல்லாமல் பொதுவாக வாழ்த்திவிட்டுப் போவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோம்பலால் நோன்பை விடும் இளைஞனை அவனுடைய நண்பன் தனியே உட்கார்த்திப் பேசுவதில் தவறில்லை, அது நட்பின் உரிமை. ஆனால் அது அவனை அறிந்தவன், நேரம் பார்த்து, முகம் பார்த்துச் செய்ய வேண்டியது. ஒரே வரியை ஐம்பது பேருக்கு அனுப்பும் இரவில், யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் சோம்பலில் இருக்கிறார் என்று பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முடியாத இடத்தில் வலியுறுத்தல் முதலில் குத்துவது நோயாளியைத்தான். சோம்பல் உள்ளவர் அதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். எதையுமே கேட்காமல் இருப்பது அக்கறையின்மை ஆகிவிடாதா? நோன்பு வைக்கும் நண்பரின் உடல்நிலையை விசாரிக்கக்கூட உரிமையில்லையா? உரிமை உண்டு. உடம்பு எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்பது வேறு, இன்று நோன்பா என்று பலர் நடுவே கேட்பது வேறு. முதல் கேள்விக்கு நண்பர் விரும்பிய அளவு சொல்லலாம். இரண்டாவது கேள்வி ஆம் அல்லது இல்லை என்ற பதிலைக் கட்டாயமாக வாங்கிவிடுகிறது. வேற்று மதத்து நண்பர்கள் ஆர்வத்தால் கேட்பது இந்த இரண்டாவது வகையாக அமைந்துவிடுவதுண்டு. தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா என்று வியப்போடு விதியைக் கேட்டால் அதை யாரும் மகிழ்ச்சியாக விளக்குவார்கள். நீ ஏன் குடிக்கிறாய் என்று ஆளைக் கேட்பதுதான் கூடாதது.

தேதி விஷயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வளைகுடாவில் ஒரு நாள் முன்னதாக மாதம் பிறந்துவிட்டால் அங்கிருக்கும் உறவினரின் வாழ்த்து இங்கே முதல் நாளே வந்துவிடும். தமிழ்நாட்டிலேயே உள்ளூர்ப் பிறையைப் பார்ப்போர், உலகில் எங்கு பிறை தெரிந்தாலும் ஏற்போர், வானியல் கணக்கைப் பின்பற்றுவோர் என்று பிரிவுகள் இருப்பதால் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் வேறு வேறு நாளில் தொடங்குவதும் நடக்கிறது. எது சரி என்று நண்பரிடம் கேட்டுச் சீண்டுவது வாழ்த்தைச் சண்டைக்கு முன்னுரையாக்கும். அவர் தொடங்கும் நாளே அவருக்கு முதல் நாள் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

எழுதிய வரிக்கு எழுதியவர் கட்டுப்பட்டிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. 2019இல் அது அக்னி நட்சத்திர வெயிலில் தொடங்கியது. சென்னையில் அப்போது நோன்பு சுமார் 14 மணி நேரம். பிப்ரவரியில் வந்தால் வெயிலும் குறைவு, நேரமும் ஒரு மணி அளவு குறையும். ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும், வரும் நாட்கள் நல்லபடியாக அமையட்டும் என்று ஓர் அதிகாரி எழுதிவிட்டு, நோன்பு திறக்கும் ஆறேகால் மணிக்கே தினமும் கூட்டம் வைத்தால் அந்த வாழ்த்தை அவரே அழித்துவிடுகிறார். கூட்டத்தை ஐந்து மணிக்கு முடித்துக்கொடுக்க அவரால் முடியும். முடியாது என்றால் நோன்பு திறக்கும் நேரத்தில் பதினைந்து நிமிடம் இடைவேளை விடலாம். மூன்றாவது வாரத்தில் தூக்கம் குறைந்து நண்பர் சோர்ந்திருக்கும்போது வேலையில் வந்த சிறு தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதும் இதில் அடக்கம். இதையெல்லாம் எல்லாருக்குமான ஏற்பாடாகச் செய்தால், யார் நோன்பு, யார் இல்லை என்று விசாரிக்கும் தேவையும் எழாது.

தவறுகளில் பெரியது இன்னொன்று. ஒருவர் நோயால் நோன்பு வைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், அவருக்கு எதற்கு ரமலான் வாழ்த்து என்று விட்டுவிடுகிறார்கள். சங்கடப்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஊரெல்லாம் பிறை பார்த்து மகிழும் இரவில் தன் கைப்பேசி மட்டும் பேசாமல் கிடப்பதை அவர் கவனிப்பார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நண்பரோ, கீமோதெரபியில் இருக்கும் தோழியோ, மறதி நோயோடு வாழும் பெரியவரோ உங்களுக்கு இருந்தால், பிறை தெரிந்த இரவில் முதல் வாழ்த்தை அவருக்கு அனுப்புங்கள்.