நன்றிக்கு மாற்றுச்சொல்

பணி ஓய்வு பெறும் ஆசிரியர் உடன் பணியாற்றியோர்க்கு எழுதும் நன்றிக் கடிதம் சிறியதே. ஆயினும் எழுதப் புகுவோர் பலர் இரண்டாம் பத்தியிலேயே இடறுகின்றனர். தலைமையாசிரியர்க்கு நன்றி, அடுத்தவர்க்கு நன்றி, அதற்கடுத்தவர்க்கும் நன்றி எனச் சொல் தேய்ந்து போகிறது. உடனே உளமார்ந்த, நெஞ்சார்ந்த, இதயங்கனிந்த என்னும் அடைமொழிகள் துணைக்கு வருகின்றன. மட்டாஞ்சேரியில் பணியாற்றும் நம்மவர்க்கு இவ்விடர் சற்று மிகுதி. ஆசிரியர் அறையின் பொதுமொழி மலையாளம். அடுத்த நாற்காலியில் இருப்பவரோ வீட்டில் கொங்கணியோ குஜராத்தியோ பேசுபவராக இருக்கலாம். எந்தச் சொல்லால் நன்றி கூறுவது?

மலையாள 'நந்தி' நம் நன்றியின் உடன்பிறப்பே. பன்றி அங்கே பன்னியாகிறது, ஒன்று ஒன்னாகிறது. அம்முறைப்படி வர வேண்டியது 'நன்னி'. எழுத்தில் இன்று வழங்குவது 'நந்தி'. மேடையில் ஒலிக்கும் 'கிருதஞ்ஞத' வடசொல். செய்ததை அறிந்திருத்தல் என்பது அதன் பொருள். குஜராத்தியரின் 'ஆபார்' என்னும் சொல்லில் பாரம் இருக்கிறது. 1663 வரை கொச்சியில் ஆதிக்கம் செலுத்திய போர்ச்சுகீசியரின் 'ஒப்ரிகாதோ' கட்டுப்பட்டவன் என்று பொருள்படும். ஆக, இவையெல்லாம் ஒருபொருட் சொற்கள் அல்ல. சில சொற்கள் அறிவைச் சொல்கின்றன. சில கடனைச் சொல்கின்றன. 'கடமைப்பட்டுள்ளேன்' என்று எழுதும்போது நாமும் கடன்பட்டவர் பக்கம் போய் நிற்கிறோம்.

நம் 'நன்றி' எந்தப் பக்கத்தது? திருக்குறளின் பதினோராம் அதிகாரத் தலைப்பு 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது பெற்றவர் நெஞ்சில் எழும் உணர்ச்சியன்று. பிறர் செய்த நன்மையே நன்றி. பெற்றவர் செய்ய வேண்டியது அறிதல். அதனாலன்றோ வள்ளுவர் மாற்றுச்சொல் தேடாமல் உதவியின் வகைகளைப் பிரித்துக் காட்டுகிறார்? தாம் முன்பு எதுவும் செய்யாதிருக்கப் பிறர் செய்தது ஒன்று. காலமறிந்து செய்தது ஒன்று. வரும் பயனை எண்ணிப் பாராமல் செய்தது மற்றொன்று. கடிதம் எழுதுவோர்க்கு வேண்டுவதும் இப்பகுப்பே.

ஓர் ஆசிரியை எழுதுவதாகக் கொள்வோம். முதற்படியில் இவ்வாறு இருக்கிறது: 'அறிவியல் டீச்சருக்கு என் உளமார்ந்த நன்றி. அலுவலக எழுத்தருக்கு நெஞ்சார்ந்த நன்றி. மதிய உணவு சமைக்கும் சேச்சிக்கு இதயங்கனிந்த நன்றி.' இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடைமொழிகளை ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு மாற்றிப் பாருங்கள். எவரும் கண்டுகொள்ளார், எதுவும் குறையாது. சொல் மூன்றானபோதும் அறிதல் ஒன்றுகூட நிகழவில்லை என்பது அப்போது புலப்படும்.

இனித் திருத்திய படி: 'டீச்சர், என் அம்மாவின் கண் அறுவைக்காக ஊர் சென்ற பதினொரு நாளும் என் ஒன்பதாம் வகுப்பையும் நீங்களே நடத்தினீர்கள். நான் கேட்கவில்லை, திரும்பி வந்த பின்னர்த்தான் எனக்குத் தெரிந்தது.' இங்கே நன்றி என்னும் சொல்லே இல்லை. ஆனால் இவ்வரியை வேறெவர்க்கும் மாற்றி அனுப்ப இயலாது. சேச்சிக்கு, 'கடைசி மணிக்குப் பின் வரும் எனக்காகக் கஞ்சியை மூடி வைத்திருந்தீர்கள்' என்பது போதும். 'பேருதவி' என்று அதனைப் பெருக்கினால் அவரே நகைப்பார்.

எழுத்தர் செய்தியில்தான் வழக்கு இருக்கிறது. பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாள் பிழையாக இருந்ததை அவர் கண்டு, ஓய்வூதியத் தாள்கள் செல்லுமுன் திருத்தச் செய்தார். அது அவர் கடமைதானே, கடமைக்கு நன்றி எதற்கு என்பர் சிலர். 'பாராட்டுகிறேன்' என்று எழுதலாம் என்பர் வேறு சிலர். பாராட்டு மேலிருந்து கீழே பேசும் சொல். விடைபெறும் உடன் பணியாளர்க்கு அது பொருந்தாது. கடமை என்பது தாளை அனுப்புவது வரைதான். பழைய ஏட்டைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்தது அவருடைய அக்கறை. அவ்வக்கறையைப் பெயரிட்டுச் சொல்லுதலே முறை என்பது நம் கருத்து.

கடன்சொல்லை முற்றும் விலக்க வேண்டுமா? வேண்டுவதில்லை, ஆனால் ஓய்வு பெறுவோர் கையில் அது இடர் தரும். நாளை முதல் அவர் அந்த அறைக்கு வரப் போவதில்லை. 'கைம்மாறு செய்வேன்' என்றால் அது நிறைவேறாத வாக்கு; 'என்றும் கடமைப்பட்டவள்' என்று எல்லோர்க்கும் எழுதினால் எவர்க்கும் பட்ட கடனாகாது. உண்மையிலேயே தீராத உதவி ஒன்று இருக்குமாயின் அங்கே மட்டும், ஒருமுறை எழுதலாம். பண்டைக் கூட்டங்களில் 'வந்தனோபசாரம்' என்றிருந்தது இன்று 'நன்றியுரை' ஆகியுள்ளது. சொல் தூய்மை பெற்றது, பெயர்ப்பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது!

கடிதம் மலையாளத்தில் எழுதப்படுமாயின் செய்திகளையெல்லாம் சொல்லி முடித்தபின் 'நந்தி' என ஒருமுறை எழுதிக் கையொப்பமிடலாம். அறிவியல் டீச்சர் அதைத் தமிழாகவே படித்துக் கொண்டாலும் பிழையில்லை.