137 வாக்குக்கு எந்தப் படம்?

2021 மே 2ஆம் தேதி தமிழகச் சட்டமன்றத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டபோது, தியாகராய நகர் தொகுதியில் தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி 56,035 வாக்குகள் பெற்றார். அ.தி.மு.க.வின் பி. சத்தியநாராயணன் பெற்றது 55,898. வித்தியாசம் 137. பக்கத்துத் தொகுதியான மயிலாப்பூரில் தி.மு.க.வின் த. வேலு 68,392 வாக்குகளும், அ.தி.மு.க.வின் ஆர். நட்ராஜ் 55,759 வாக்குகளும் பெற்றார்கள். அங்கே வித்தியாசம் 12,633.

பட்டை விளக்கப்படத்தையும் வட்ட விளக்கப்படத்தையும் சொற்களில் விவரிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள, அடுத்தடுத்த இந்த இரண்டு தொகுதிகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே நாளில், ஒரே முறையில் நடந்த தேர்தல். வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் ஒரு தொகுதிக்குப் பொருந்தும் வாக்கியம் மற்றதற்குப் பொருந்தவே பொருந்தாது.

முதலில் மயிலாப்பூர், அதுதான் எளிது. பதிவான வாக்குகளில் வேலுவுக்கு 44.6 சதவீதம், நட்ராஜுக்கு 36.3 சதவீதம். மக்கள் நீதி மய்யத்தின் ஸ்ரீபிரியாவுக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மீதியை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். இதை வட்டமாக வரைந்தால் முதல் துண்டு பாதி வட்டத்தைத் தொடாமல் நிற்கும்; இரண்டாவது துண்டு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள கோண வித்தியாசம் ஏறத்தாழ 30 பாகை. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே உள்ள அகலம் அது. எந்தக் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே விவரிப்பவருக்கு இங்கே பின்னம் கைகொடுக்கும். "வென்றவர் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாமவர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவும், மூன்றாமவர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கும் பெற்றார்கள்" என்று எழுதலாம். படத்தைப் பார்க்காதவர்கூட இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் காகிதத்தில் கிட்டத்தட்ட அதே வட்டத்தை வரைந்துவிடுவார். விவரிப்பு சரியா என்று பார்க்க நான் நம்பும் சோதனை இதுதான்.

ஆனால் அந்த வாக்கியத்திலேயே ஒரு தளர்ச்சி இருக்கிறது. 44.6 என்பது ஐம்பதிலிருந்து ஐந்தரைப் புள்ளி தள்ளி நிற்கிறது, 36.3 என்பது 33.3இலிருந்து மூன்று புள்ளி தள்ளி நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே "சற்று" போட்டால் படிப்பவர் இரண்டு இடைவெளியும் சமம் என்று எடுத்துக்கொள்வார். "சற்று" என்பதை இரண்டு, மிஞ்சினால் மூன்று சதவீதப் புள்ளிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் போனால் எண்ணையே சொல்லிவிடலாம்: "பாதியைத் தொடவில்லை, 45 சதவீதம்தான்." பழைய எண்சுவடிக் கணக்கு படித்தவர் இரண்டாமவரின் பங்கைக் காலே அரைக்காலுக்கு, அதாவது எட்டில் மூன்றுக்கு, ஒரு புள்ளி குறைவு என்று சொல்லியிருப்பார். மூன்றில் ஒன்றைவிட அது உண்மைக்கு நெருக்கம். 37.5 என்ற எல்லைக்கு நம்மிடம் வாயில் எளிதாக வரும் பெயர் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம் என்பது எனக்கு வருத்தமே.

தோராயச் சொற்களுக்குத் திசையும் உண்டு. "சுமார்", "ஏறத்தாழ" என்பவை இருபக்கமும் விலகலாம். உண்மை எண் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். "கிட்டத்தட்ட பாதி" என்றால் பெரும்பாலும் பாதியை எட்டவில்லை என்றே காதில் விழுகிறது. "பாதிக்கும் மேல்" என்றால் 50.1 ஆனாலும் கடந்திருக்க வேண்டும். "குறைந்தது பாதி" என்றால் சரியாகப் பாதியும் அதில் அடங்கும். இவற்றை மாற்றிப் போட்டால் எண் மாறாமலே பொருள் மாறிவிடும்.

மயிலாப்பூர் முடிவைச் சொல்லும்போது இன்னொரு இடத்தில் தடுக்கும். இருவருக்கும் இடையே எத்தனை சதவீத வித்தியாசம்? 44.6இலிருந்து 36.3ஐக் கழித்தால் சுமார் எட்டு. ஆனால் 12,633 என்பதை நட்ராஜின் 55,759ஆல் வகுத்தால் ஏறத்தாழ 23 சதவீதம் வரும். "வேலு எட்டு சதவீதம் முன்னிலை" என்பதும், "வேலு நட்ராஜைவிட 23 சதவீதம் கூடுதலாக வாக்கு வாங்கினார்" என்பதும் ஒரே செய்தியின் இரண்டு உண்மையான வடிவங்கள். முதல் கணக்கில் பதிவான மொத்த வாக்குகள் நூறு. இரண்டாவதில் தோற்றவரின் வாக்குகள் நூறு. முதலாவதை "எட்டு சதவீதப் புள்ளி" என்று எழுதிவிட்டால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். வட்டத்தை விவரிக்கும்போது புள்ளிதான் பொருந்தும், ஏனென்றால் வட்டம் மொத்தத்தைக் காட்டுகிறது. பட்டைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடும்போது "ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு" என்று சொல்வது இயல்பாக அமையும்.

இப்போது பாண்டி பஜார் பக்கம் வருவோம். தி.நகரில் பதிவான வாக்குகள் சுமார் 1,38,100. கருணாநிதிக்கு 40.57 சதவீதம், சத்தியநாராயணனுக்கு 40.47. மக்கள் நீதி மய்யத்தின் பழ. கருப்பையாவுக்குப் பத்தரை சதவீதம், நாம் தமிழர் கட்சி வேட்பாளருக்கு ஆறு சதவீதம், மீதி எல்லோரும் நோட்டாவும் சேர்ந்து இரண்டரைக்குச் சற்றுக் குறைவு.

மயிலாப்பூரில் உதவிய பின்னம் இங்கே கைவிட்டுவிடுகிறது. "இருவரும் ஐந்தில் இரண்டு பங்கு பெற்றார்கள்" என்றால் அது மிகச் சரியான தோராயம். ஆனால் யார் வென்றார் என்ற ஒரே செய்தி அதில் இல்லை. வட்டம் வரைந்தாலும் இதே கதைதான். முதல் துண்டு 146.05 பாகை, இரண்டாவது 145.69. வித்தியாசம் ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு அளவு. கோணமானியை வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. அச்சில் மை பரவும் அகலத்திலேயே அது மறைந்துவிடும்.

சரி, பட்டை போடலாமே என்று தோன்றும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் பட்டையையும், 1801இல் வெளியிட்ட நூலில் வட்டத்தையும் கையாண்டார். 1984இல் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் சோதனை நடத்தி, ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை மனிதக் கண் கோணங்களைவிடத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று காட்டினார்கள். நெருக்கமான எண்களுக்குப் பட்டைதான் மேல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த 137க்கு அதுவும் போதாது. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 60,000 வாக்கு என்று அளவு வைத்தால், இரண்டு பட்டைகளின் உயர வித்தியாசம் கால் மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இங்கேதான் வரைபவருக்கு ஆசை வருகிறது. அடிக்கோட்டைச் சுழியத்திலிருந்து தூக்கி 55,800இல் வைத்துவிட்டால், ஒரு பட்டை 235 அளவு உயரமும் மற்றது 98 அளவு உயரமும் எழும். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒருவர் மற்றவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கியதாகப் படும். உண்மையில் கூடுதலோ கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவுதான். பட்டையின் நீளமே அளவு என்பதால், அதன் அடியை வெட்டினால் படம் பொய்யாகிறது. ஆகவே பட்டைப் படத்தை விவரிக்கத் தொடங்குமுன் இடப்பக்க அச்சில் கீழே எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அது சுழியம் இல்லையென்றால் "மடங்கு", "பாதி" போன்ற சொற்களைக் கண்ணால் பார்த்து எழுதக் கூடாது. எண்களைப் படித்துத்தான் எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு நல்லெண்ணத்தில் நடப்பது. படத்தில் தசமம் எதற்கு என்று முழு எண்ணாக்குகிறோம். 40.57 என்பது 41 ஆகிறது, 40.47 என்பது 40 ஆகிறது. இரண்டுமே விதிப்படி சரி. ஆனால் இப்போது படத்தில் ஒரு சதவீதப் புள்ளி இடைவெளி முளைத்துவிட்டது. தி.நகரில் ஒரு சதவீதம் என்றால் சுமார் 1,380 வாக்கு. அதாவது இருந்த வித்தியாசம் பத்து மடங்காகப் பெருத்துவிட்டது. அந்தப் படத்தை மட்டும் பார்த்து எழுதுபவர் "ஒரு சதவீத வாக்கு வித்தியாசத்தில் வென்றார்" என்று நாணயமாகவே எழுதுவார், நாணயமாகவே தவறுவார். எண்களைத் தோராயமாக்கிய பிறகு கழிக்கக் கூடாது; கழித்த பிறகே தோராயமாக்க வேண்டும். முழு எண்ணாக இருக்கும் சதவீதங்களுக்கு இடையே ஒன்றோ இரண்டோ வித்தியாசம் கண்டால், மூல எண்ணைத் தேடிப் போகும்வரை அதைப் பற்றி வாக்கியம் எழுதாமல் இருப்பதே நேர்மை.

"பெரும்பாலான தி.நகர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள்" என்றும் சிலர் எழுதக்கூடும். படத்தில் உயர்ந்த பட்டை, வட்டத்தில் பெரிய துண்டு, இவை இரண்டும் அந்தச் சொல்லை இழுத்துவரும். ஆனால் பெரும்பாலானோர் என்றால் பாதிக்கு மேல். இங்கே பத்தில் ஆறு வாக்கு, அதாவது 59 சதவீதம், வேறு பக்கம் விழுந்திருக்கிறது. நம் தேர்தல் முறையில் மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு வாக்கு அதிகம் பெற்றாலே வெற்றி. ஆகவே "மற்ற எவரையும்விட அதிகமாக" என்பதே சரி. அதோடு, அந்தத் தொகுதியில் வாக்குப்பதிவு ஏறத்தாழ 56 சதவீதம். பட்டியலில் பெயருள்ள அனைவரையும் நூறாக வைத்தால் வென்றவரின் பங்கு கால் பங்கைக்கூடத் தொடாது. ஐந்தில் இரண்டா, கால் பங்கா? "பதிவான வாக்குகளில்" என்ற இரண்டு சொற்களைச் சேர்க்காவிட்டால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

இரண்டு தொகுதிகளையும் சேர்த்து ஒரு பத்தியாக நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "2021 தேர்தலில் மயிலாப்பூரில் பதிவான வாக்குகளில் வேலு 45 சதவீதமும் நட்ராஜ் 36 சதவீதமும் பெற்றனர், இடைவெளி சுமார் எட்டு சதவீதப் புள்ளி. தி.நகரில் கருணாநிதியும் சத்தியநாராயணனும் ஆளுக்கு ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம் பெற்றனர். முன்னவர் 137 வாக்கில், அதாவது ஆயிரத்துக்கு ஒரு வாக்கு என்ற அளவில், வென்றார்." முதல் வாக்கியத்தில் 45க்கும் 36க்கும் இடையே ஒன்பதுதானே என்று கேட்பவருக்கு முன்சொன்ன கணக்கே பதில்: மூல வாக்குகளைக் கழித்த பிறகு சதவீதமாக்கினால் 8.2.

மயிலாப்பூருக்கு வட்டமே போதும். தி.நகருக்கு வட்டம் வேண்டாம். சுழியத்திலிருந்து தொடங்கும் இரண்டு பட்டைகளைச் சமமாகத் தெரிந்தாலும் அப்படியே வரைந்துவிட்டு, அவற்றின் தலைமேல் 56,035 என்றும் 55,898 என்றும் எழுதிவிடுங்கள்.